நான்கு மணித் துடைப்பம்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு நாக்கு நீளும். அந்த அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற வியாழக்கிழமை, வாயைத் திறந்ததுமே நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் பயம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குப் பசி என்று நினைத்துக்கொண்டேன்.

தருமபுரியில் ஒரு தனியார் பால் கம்பெனியில் எனக்கு வேலை. பாலை நான் தொட்டதே இல்லை. பாலின் சூட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. கிராமங்களில் எங்கள் சில்லிங் சென்டர்கள் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் வீடு வீடாகக் கறந்த பால் அங்கே வரும். பெரிய கூலர் தொட்டியில் ஊற்றிக் குளிரவைப்பார்கள். மறுநாள் காலை டேங்கர் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு கூலரிலும் ஒரு சென்சார். பக்கத்துச் சுவரில் சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி. அது நிமிடத்துக்கு ஒரு தடவை பாலின் சூட்டை எங்கள் சர்வருக்கு அனுப்பும்.

நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு கூலருக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது. இப்படி எல்லா ஊரிலிருந்தும் வந்து வந்து, ஒரு நாள் சர்வர் நிரம்பி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. அப்புறம்தான் என்னை உட்காரவைத்து ஒரு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நானும் செய்தேன். மூன்று அட்டவணை. முதலாவதில் நிமிட ரீடிங்குகள், வந்தது வந்தபடி. ஒவ்வொரு மணியும் ஐந்து நிமிடம் தாண்டியதும் ஒரு வேலை தானாக ஓடி, அவற்றைச் சுருக்கி இரண்டாவதான மணி அட்டவணையில் எழுதும்: அந்த மணியில் சராசரிச் சூடு எவ்வளவு, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, மொத்தம் எத்தனை ரீடிங் வந்தது. இதை நாங்கள் ரோலப் என்போம். நள்ளிரவு தாண்டியதும் இன்னொரு ரோலப், மணிகளைச் சுருக்கி நாள் அட்டவணையில் ஒரே வரியாக்கும். சுருக்கி முடித்த பிறகு நிமிட ரீடிங்குகளை எதற்குச் சுமப்பது? தினமும் மாலை நான்கு மணிக்கு, பதினைந்து நாளுக்கு முந்தைய ஒரு நாளை முழுசாக அழிக்கிற வேலை ஒன்றையும் வைத்தேன். ஆபீஸில் அதற்கு ‘துடைப்பம்’ என்று பெயர். நான் வைத்த பெயர்தான்.

சர்வர் அதன் பிறகு நிற்கவே இல்லை. என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, மறைப்பானேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குத் தகராறு இருந்தது. சில சென்டர்களில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போனைச் சார்ஜ் போட்டுவிடுவார்கள். ரீடிங் நின்றுவிடும். சில பேர் கரண்டை மிச்சம் பிடிக்கக் கூலரையே நிறுத்திவிட்டு, அது தெரியாமல் இருக்கப் பெட்டியையும் பிடுங்குவார்கள். இரண்டு மூன்று பேர் கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு, மணி அட்டவணையில் காலியிடம் இருந்தால் ‘ஆப்பரேட்டர் நிறுத்தியது’ என்று அறிக்கையில் போடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. எழுதிவைத்த விதி இல்லை. மேனேஜர் சார் அப்படியே கேட்பார், நான் அப்படியே போட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

அதியமான்கோட்டையில் நான் பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே டீ ஆற்றுகிறவர் முன்பு எங்கள் சென்டர் ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்தவர். மூன்று நாள் காலியிடத்துக்காக வேலையை விட்டு எடுக்கப்பட்டவர். அந்த அறிக்கையும் என்னுடையதுதான். ஆனாலும் என்னைப் பார்த்தால் “நல்லாருக்கீங்களாங்க?” என்று கேட்டுச் சர்க்கரை குறைத்து டீ கொடுப்பார். ‘மூன்று நாள் போன் சார்ஜ் போட்ட மனுசன்’ என்று ஆபீஸில் அவரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி அந்த அக்காவுக்கு வருகிறேன். பொம்மிடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் சென்டரைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பது வயது இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை அங்கே எடுத்த பால், வியாழன் காலை டேங்கரில் போய், ஒரு விடுதிக்குக் கொடுக்கப்பட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், நல்லவேளை. ஆனால் விசாரணை வந்தது. எந்த ஊர்ப் பால் என்று தேடிக்கொண்டு வந்தவர்களுக்கு, அந்த டேங்கர் போன எல்லா ஊரிலும் ரீடிங் இருந்தது. இந்த அக்காவின் ஊரில் மட்டும் புதன் மதியத்திலிருந்து காலி. அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் அறிக்கை எழுதினேன். ‘கூலர் ஆப்பரேட்டரால் நிறுத்தப்பட்டுள்ளது’. கையெழுத்து. தேதி. சீல்.

இப்போது அவர் என் எதிரே நிற்கிறார். கையில் ஒரு கட்டைப்பை. மணி மூன்று பத்து.

“மேடம், நாளைக்கு என்னை ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கேஸ் எழுதப் போறாங்களாம். நீங்க எழுதிக் குடுத்ததுதான் சாச்சின்னு சொல்றாங்க.”

“அதுக்கு நான் என்னக்கா செய்ய? கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதினேன். பிளக்கைப் பிடுங்கினது நானா?”

“நான் பிடுங்கலீங்க.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் பையிலிருந்து ஒரு ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் வைத்தார். ஆப்பரேட்டர்கள் கையால் சூட்டை எழுதுகிற நோட்டு. புதன் மாலை ‘4’ என்று எழுதியிருந்தது, பால் கெடாமல் இருக்க வேண்டிய நாலு டிகிரி. கையால் எழுதியதை யார் நம்புவார்கள்? நான் அதைத் தள்ளிவைத்தேன்.

“பொட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுட்டேதாங்க இருந்துச்சு. கூடவே செகப்பு லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குனு மினுக்கிச்சு. நாலு நாளு மினுக்கிச்சு. யாருகிட்டயாவது சொல்லலாம்னா போன்ல டவரே இல்லீங்க. எங்க ஊரு டவரு காத்துல சாஞ்சு கெடந்துச்சு. சனிக்கெழமைதான் வந்து சரி பண்ணாங்க.”

தள்ளிவைத்த நோட்டைத் திரும்ப இழுத்தேன்.

பச்சை என்றால் பெட்டிக்குக் கரண்டு வருகிறது. சிவப்பு மினுக்கினால், சிக்னல் இல்லாததால் ரீடிங்குகளைத் தன் நினைவிலேயே சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. சிக்னல் திரும்பியதும் அத்தனையையும் மொத்தமாக அனுப்பிவிடும். எந்த நிமிடத்தில் அளந்ததோ அந்த நிமிடத்தின் நேரத்தோடேயே அனுப்பும். இது எனக்குத் தெரியும். பெட்டி வாங்கிய நாளில் அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

ஆனால் என் ரோலப்? அது ஒவ்வொரு மணியும் கடைசி ஆறு மணி நேரத்தை மட்டும்தான் திரும்பிப் பார்க்கும். வேகமாக முடியட்டும் என்று ஆறு என்று வைத்தவள் நான். சனிக்கிழமை வந்து சேர்ந்த புதன்கிழமை ரீடிங்கை அது ஏறெடுத்தும் பார்த்திருக்காது. நிமிட அட்டவணையில் அது பாட்டுக்குக் கிடக்கும். மணி அட்டவணையில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அறிக்கை எடுப்பது மணி அட்டவணையிலிருந்து. ஆபீஸிலிருந்து பார்த்தால் பிளக் பிடுங்கினதும் டவர் விழுந்ததும் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டும் காலி.

அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு நிமிட அட்டவணையைத் திறந்தேன். அந்தக் கூலர், அந்தப் புதன்கிழமை, எத்தனை ரீடிங் என்று கேட்டேன்.

1440.

ஒரு நிமிடம் கூடக் குறையவில்லை. மதியத்துக்குப் பிந்தையவை எல்லாம் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் சனிக்கிழமை மாலை. மாலைப் பால் ஊற்றியபோது சூடு ஏறுகிறது, அரை மணியில் இறங்கத் தொடங்குகிறது, ஏழரை மணிக்கு நாலு. பிறகு இரவு முழுக்க நாலு, நாலு, மூன்றே முக்கால், நாலு. நோட்டில் எழுதியிருந்த அதே நாலு. பால் எங்கே கெட்டது என்று எனக்குத் தெரியாது. இந்த அக்காவின் கூலரில் கெடவில்லை.

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து. புதன்கிழமையிலிருந்து அன்றைக்குச் சரியாகப் பதினைந்து நாள். நான்கு மணிக்குத் துடைப்பம் அந்தப் புதன்கிழமையைத்தான் எடுக்கப்போகிறது.

இந்த இடத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நல்லவளாக இருந்தால் உடனே அதை நகல் எடுத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் திசையில் ஸ்கிரீன் திரும்பியிருக்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. இந்த உலகத்தில் அந்த 1440 வரிகள் இருப்பது தெரிந்த ஒரே ஆள் நான். முப்பத்தைந்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். நான் எதையும் அழிக்கவே வேண்டாம். அது தானாகப் போய்விடும். என் ஆறு மணி நேரத் தப்பு, என் கையெழுத்து, பொய்யான என் அறிக்கை, எதற்கும் சாட்சி இருக்காது. வேலை போனால் வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன், பொய்ச் சாட்சி சொன்னதாக என்னையே ஸ்டேஷனுக்கு இழுத்தால் என்ன செய்வேன் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெங்களூரில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தைரியம் வேண்டி மேனேஜர் சாருக்குப் போட்டேன். அவர் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டியெல்லாம் நிற்கிறதாம். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏம்மா, அறிக்கை போயாச்சு. சீல் வெச்சுப் போயாச்சு. இப்பப் போய் தப்பா எழுதிட்டோம்னா கம்பெனி பேரு என்னாவும்? நீ என்னாவே? நான் என்னாவேன்?”

“நாலு மணிக்கு அழிஞ்சிரும் சார். அழிக்கிற வேலையை நிறுத்துற பாஸ்வேர்டு என்கிட்ட இல்ல, பெங்களூர்ல இருக்கு. அவங்க போனை எடுக்க மாட்டேங்கறாங்க.”

“அழியட்டுமே. நீயா அழிக்கிற? தானா அழியுது. விடும்மா, கெளறாதே.”

அவர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்திருந்தார். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகளை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்தது. போனை வைத்தேன். மூன்று நாற்பத்தாறு.

“என்னங்க மேடம், ஏதாச்சும் தெரியுதுங்களா?” என்றார் அக்கா.

“கொஞ்சம் இருங்கக்கா,” என்றேன்.

பயந்தவள் கையில் வேலையைக் கொடுக்கக் கூடாது. மணி அட்டவணையைத் திரும்பக் கட்ட என்னிடம் ஒரு கட்டளை இருந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுத்தால், நிமிட ரீடிங்கை வைத்து ரோலப்பைப் புதிதாகச் செய்யும். அவசரத்தில் நான் ஒன்றாம் தேதியிலிருந்து இன்று வரை என்று அடித்துவிட்டேன். எதற்கும் மொத்தமாகச் சரியாகட்டும் என்று. என்டர் பொத்தான் மேல் விரல் போய்விட்டது. அப்போதுதான் நினைவு வந்தது: அந்தக் கட்டளை முதலில் அந்தத் தேதிகளின் பழைய மணி வரிகளை அழிக்கும், பிறகுதான் புதிதாக எழுதும். மாதத் தொடக்கத்து நிமிட ரீடிங்குகளைத் துடைப்பம் ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஆகவே அந்த நாட்களில் அழிப்பது மட்டும் நடக்கும், எழுத ஒன்றும் இருக்காது. எல்லா ஊர் ஆப்பரேட்டர்களுக்கும் மாதத் தொடக்கம் காலியாகிவிடும். எங்கள் வழக்கப்படி காலி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

விரலை எடுத்தேன். உள்ளங்கை வேர்வையைச் சுடிதாரில் துடைத்தேன். முதலில் அந்தக் கூலரின் நிமிட ரீடிங்குகளை, புதன் முதல் சனி வரை, தனியாக வேறொரு அட்டவணைக்கு நகல் எடுத்தேன். துடைப்பத்துக்கு அந்தப் பெயர் தெரியாது, அங்கே போகாது. பிறகு அந்த நான்கு நாளுக்கு மட்டும் மணி ரோலப். அது முடிந்த பிறகு நாள் ரோலப். முன்பின்னாகச் செய்தால் காலியைச் சுருக்கிக் காலியைத்தான் எழுதும். ஒவ்வொரு மணிக்கும் அறுபது, அறுபது, அறுபது என்று வரி வரியாக நிரம்பியது. மூன்று ஐம்பத்தெட்டு.

நகல் பத்திரமாக இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி தாண்டியதும் நிமிட அட்டவணையில் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். எத்தனை ரீடிங்? 0. சத்தமில்லை, ஒன்றுமில்லை.

நகலிலிருந்து எல்லா வரிகளையும் அச்செடுத்தேன். கீழே என் கையால் எழுதினேன்: முதல் அறிக்கை தவறு, டவர் இல்லாததால் தாமதமாக வந்த ரீடிங்குகளை நான் வைத்த ரோலப் சேர்க்கவில்லை, கூலர் நிற்கவில்லை. கையெழுத்து, தேதி. சீல் மேனேஜரின் பூட்டிய டிராயரில் இருந்ததால் சீல் இல்லை. அக்காவிடம் கொடுத்தேன்.

“இதுல என்னங்க எழுதியிருக்கு?”

“நீங்க பிடுங்கலைன்னு எழுதியிருக்கு.”

“அதைத்தானுங்க நான் மொதல்லருந்து சொல்றேன்,” என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தாளை நான்காக மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் அவர் மேல் கேஸ் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். மேனேஜர் சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ரோலப்பை, எவ்வளவு பழைய ரீடிங் வந்தாலும் அது விழுந்த மணியைத் தேடிப்போய்த் திரும்பச் சுருக்கும்படி மாற்றினேன். ‘காலி’ என்பதற்கு அறிக்கையில் ‘தெரியவில்லை’ என்று போட்டேன். என் வேலை போகவில்லை.

பயமும் போகவில்லை. அக்கா வந்துபோன அன்று மாலை அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். நான் பார்க்காததுபோல் போய்விட்டேன். அடுத்த நான்கு நாளும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஆபீஸில் அவருடைய அந்த மூன்று நாளைத் தேடினேன். மணி அட்டவணையில் காலி. நிமிட அட்டவணையைத் துடைப்பம் எடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. அவர் பெட்டி பிறகு ஏதாவது அனுப்பியதா, அனுப்பவில்லையா, எதுவும் தெரியாது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை, வால்கூட இல்லை. அந்தப் பதினைந்து நாளுக்குள் அவர் ஒரு பையோடு வந்து என் மேஜை முன்னால் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைக்குப் போனேன்.

“என்னங்க, ஆளையே காணோம்?”

“அந்த மூணு நாளு… உங்க சென்டர்ல… செகப்பு லைட்டு மினுக்கிச்சாங்க?”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். “மினுக்கிச்சுங்க. மழை நாளு. மழை பேஞ்சா எங்க ஊருல டவர் படுத்துக்கும். அப்பவே சாருகிட்ட சொன்னேன். யாரு கேட்டா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே, பஸ் வருகிற போகிற சத்தத்துக்கு நடுவில், ரோலப் என்றால் என்ன என்பதிலிருந்து சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்; திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அப்ப அந்த ரீடிங்கு இப்ப எங்கீங்க இருக்கு?”

“அழிஞ்சிருச்சுங்க.”

“யாரு அழிச்சது?”

தானா அழிஞ்சிருச்சு என்று சொல்ல வாய் வரை வந்தது. “நான் வெச்ச வேலைதாங்க அழிச்சுது,” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோள் துண்டில் கையைத் துடைத்தார்.

“நீங்க ஒருதரம் எங்க வூட்டுக்கு வந்து இதைச் சொல்றீங்களா? எங்க வூட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் நான்தான் புடுங்கினேன்னு நெனச்சிட்டு இருக்கா.”